ஒரே குரூப், சேராத ரத்தம்

அக்காவின் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, ரத்த வங்கியின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த ஆய்வக ஊழியர் என்னை அழைத்து ஒரு வரி சொன்னார். “உங்கள் குரூப்பும் அவர்கள் குரூப்பும் ஒன்றுதான் சார். ஆனால் சேரவில்லை.” அக்காவுக்கும் ஓ பாசிட்டிவ், எனக்கும் ஓ பாசிட்டிவ். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அடையாள அட்டை வரைக்கும் எழுதிக்கொடுத்து வந்த அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் நான் தைரியமாகக் கையை நீட்டியிருந்தேன். என்னோடு வந்திருந்த நான்கு பேரும் அதே குரூப். ஐந்து பைகளில் இரண்டு மட்டுமே அக்காவுக்கு ஆகும் என்றார்கள். என்னுடையது ஆகாத மூன்றில் ஒன்று. அந்த ஊழியருக்கு அப்போது விளக்கிச் சொல்ல நேரமில்லை. எனக்கும் கேட்கும் நிதானம் இல்லை. சேர்ந்த இரண்டு பைகள் போதுமானவையாக இருந்ததால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

ஆனால் அந்த வரி என்னை விடவில்லை. குரூப் ஒன்று என்றால் ரத்தம் ஒன்று என்றுதானே பொருள்? அப்படி இல்லையென்றால், குரூப் என்பது உண்மையில் எதைச் சொல்கிறது? அந்த ஊழியரின் சோதனைக் குழாயில் என்ன தெரிந்தது? பல மாதங்கள் தேடிப் படித்தும், மருத்துவம் படித்த நண்பர்களைத் தொந்தரவு செய்தும் நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் பெரும்பாலும் 1901-இல் தொடங்கி 1901-லேயே முடித்துவிடுகிறார்கள். என் கேள்விக்கான விடை அந்த ஆண்டில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் 40 ஆண்டுகள் பிடித்தன.

36 கலவைகள்

வியன்னா பல்கலைக்கழகத்தின் நோய்க்கூற்றியல் நிலையத்தில் உதவியாளராக இருந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901 நவம்பரில் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். ஒருவரின் சீரத்தை இன்னொருவரின் சிவப்பணுக்களோடு கலந்தால் சில வேளைகளில் அணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்கின்றன என்பது அதற்கு முன்பே சிலர் பார்த்திருந்த செய்திதான். சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர். அந்த ஒட்டலை நோயின் விளைவாகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகளின் ரத்தத்தைத்தானே சோதித்துக்கொண்டிருந்தார்கள்! லாண்ட்ஸ்டைனர் கேட்ட கேள்வி எளிமையானது: நோயே இல்லாதவர்களின் ரத்தத்தைக் கலந்து பார்த்தால் என்ன ஆகும்?

அவர் தூரம் போகவில்லை. ஆய்வகத்தில் உடன் இருந்த ஐவரும் அவருமாக ஆறு பேர். ஒவ்வொருவரின் சீரத்தையும் ஆறு பேரின் சிவப்பணுக்களோடும் தனித்தனியே கலந்தார். ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கலவைகள். ஒட்டினால் கூட்டல் குறி, ஒட்டாவிட்டால் கழித்தல் குறி. கட்டுரையின் முதல் அட்டவணை இவ்வளவுதான். அதைத் தாளில் நானே வரைந்து பார்த்த பிறகுதான் அந்தக் குறிகளுக்குள் இருக்கும் ஒழுங்கு எனக்குக் கண்ணில் பட்டது. நீங்களும் ஒரு முறை வரைந்து பார்க்கலாம்.

முதலில், எவருடைய சீரமும் அவருடைய சொந்த அணுக்களை ஒட்டவைக்கவில்லை. மூலைவிட்டத்தில் இருக்கும் ஆறு கட்டங்களும் கழித்தல். அடுத்து, ஸ்டோர்க் என்பவருடைய அணுக்களும் லாண்ட்ஸ்டைனருடைய அணுக்களும் எந்தச் சீரத்திலும் ஒட்டவில்லை. ஆனால் அந்த இருவரின் சீரமும் மற்ற நால்வரின் அணுக்களை ஒட்டவைத்தது. எஞ்சிய நால்வரோ இரண்டு இணைகளாகப் பிரிந்தார்கள். ஓர் இணையில் ஸ்டுர்லியும் எர்ட்ஹைமும், மற்றோர் இணையில் பிளெச்னிக்கும் சாரிட்சும். இணைக்குள் எந்த ஒட்டலும் இல்லை. ஓர் இணையின் சீரம் மற்ற இணையின் அணுக்களை ஒட்டவைக்கிறது. எதிர்த்திசையிலும் அப்படியே. கூட்டல் குறிகளை எண்ணினால் 16, கழித்தல் 20.

நோய்தான் காரணம் என்றால் இவ்வளவு சீரான வடிவம் வர வழியே இல்லை. அணுக்களின் மேல் இரண்டு வகையான அடையாளங்கள் இருக்கின்றன, சீரத்தில் அவற்றுக்கு எதிரான இரண்டு பொருள்கள் இருக்கின்றன, தன் அணுவில் இல்லாத அடையாளத்துக்கு எதிரான பொருளைத்தான் ஒருவரின் சீரம் வைத்திருக்கிறது என்று கொண்டால் மட்டுமே 36 கட்டங்களும் ஒருங்கே விளங்குகின்றன. இணைகள் ஏ, பி என்றாயின. இரண்டு அடையாளமும் இல்லாத மூன்றாம் பிரிவை அவர் சி என்று அழைத்தார். அதுவே பின்னாளில் ஓ ஆனது. லாண்ட்ஸ்டைனரே ஓ பிரிவினர் என்பது அந்த அட்டவணையிலிருந்தே தெரிகிறது. இரண்டு அடையாளமும் உள்ள ஏபி பிரிவினர் அரியவர்கள். அந்த ஆறு பேரில் அப்படி ஒருவரும் இல்லை. மறு ஆண்டு டெகாஸ்டெல்லோவும், அட்டவணையில் தன் ரத்தத்தையே கொடுத்திருந்த ஸ்டுர்லியும் சேர்ந்து 155 பேரைச் சோதித்து, எந்தப் பிரிவிலும் அடங்காத நால்வரைக் கண்டார்கள். விதிவிலக்கு என்று அவர்கள் எழுதி வைத்த அந்த நால்வர்தான் இன்றைய ஏபி பிரிவு.

இந்த அடையாளங்கள் என்னவென்று இன்று நமக்குத் தெரியும். சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை மூலக்கூறு கடைசியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே ஏ-வுக்கும் பி-க்கும் உள்ள வேறுபாடு. ஓ பிரிவினரின் சங்கிலியில் அந்தக் கடைசிச் சர்க்கரை இல்லை. இதே போன்ற சர்க்கரைகள் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இருக்கின்றன. அதனால் குழந்தைப் பருவத்திலேயே, அயலார் ரத்தம் ஒரு சொட்டுகூட உடலில் ஏறாமலேயே, நம்மிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருளை உடல் உருவாக்கிவிடுகிறது. லாண்ட்ஸ்டைனருக்கு ஆறு பேர் போதுமானவர்களாக இருந்தது இதனால்தான். அவர் தேடிய எதிர்ப்பொருள்கள் ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே காத்திருந்தன. அவை பெரியவை, பல கைகள் கொண்டவை, அணுக்களைக் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டவைக்கக்கூடியவை. பின்னால் வரப்போவதற்காக இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

படிக்கப்படாத கடைசி வாக்கியம்

மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றும்போது விளைவுகள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை இந்தக் கண்டுபிடிப்புகள் விளக்கக்கூடும் என்று லாண்ட்ஸ்டைனர் கட்டுரையின் முடிவில் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார். 1818-இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனித ரத்தத்தை மனிதருக்கு ஏற்றத் தொடங்கியதிலிருந்து, ஏன் சிலர் பிழைக்கிறார்கள், ஏன் சிலர் குளிர் நடுங்கி, முதுகு வலித்து, சிறுநீர் கறுத்து இறக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாதிருந்தது. அந்தக் கேள்விக்கான திறவுகோல் அச்சில் வந்துவிட்டது. ஆனாலும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் எந்த மருத்துவரும் அதைக் கையிலெடுத்ததாகத் தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னர் அந்தக் காலத்து அறுவை அறையை நினைத்துப் பார்த்தேன். ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் வழி அன்று இல்லை. கொடையாளரின் தமனியை நோயாளியின் சிரையோடு நேரடியாக இணைத்துத்தான் ரத்தம் செலுத்த முடிந்தது. அந்த இணைப்பே ஒரு பெரிய அறுவை சிகிச்சை. முழுக் கவனமும் அதிலேயே கரைந்துபோயிருக்கும். அதோடு, கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒருவரைக் கொடையாளராகத் தேர்ந்தெடுத்தாலும், ஐரோப்பிய மக்களிடையே மூன்றில் இரண்டு முறை ஏபிஓ பொருத்தம் தானாகவே அமைந்துவிடும். மூன்றில் இரண்டு பேர் நலமாக எழுந்து நடந்தால், மூன்றாமவருக்கு நேர்ந்ததை அவருடைய நோயின் தலையில் போட்டுவிட முடியும். பெரும்பாலும் பலிக்கும் முறைதான் தன் குறையை மிக நன்றாக மறைத்துக்கொள்கிறது.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ரூபன் ஆட்டன்பர்க் 1907-இல் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே சோதிக்கத் தொடங்கினார். அவர் செய்ததை நுணுக்கமாகக் கவனித்தால், என் அக்காவுக்காக அன்று மாலை நடந்ததன் முன்னோடி தெரியும். குரூப் கண்டுபிடிப்பது வேறு, பொருத்தம் பார்ப்பது வேறு. குரூப் என்பது, தெரிந்த எதிர்ப்பொருளைக் கொண்டு தெரிந்த இரண்டு அடையாளங்களைத் தேடுவது. பொருத்தம் பார்ப்பது, இந்த நோயாளியின் சீரத்தையும் இந்தக் கொடையாளரின் அணுக்களையும் நேரடியாகக் கலந்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பது. முதலாவது நமக்குப் பெயர் தெரிந்தவற்றை மட்டுமே கண்டுபிடிக்கும். இரண்டாவது, பெயர் தெரியாத பகையையும் காட்டிக்கொடுக்க வல்லது. ஆட்டன்பர்க் 128 முறை ரத்தம் ஏற்றிய அனுபவத்தை 1913-இல் வெளியிட்டு, முன்சோதனை செய்தால் விபத்துகளைத் தவிர்க்கலாம் என்று காட்டினார். 1914, 1915 ஆண்டுகளில் சோடியம் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்பது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகே ரத்தத்தை உடலுக்கு வெளியே, ஒரு புட்டியில், சோதித்து முடிக்கும் வரை காத்திருக்கவைக்க முடிந்தது. சோதனைக்கு வேண்டிய நேரத்தைத் தந்தது இந்த எளிய உப்புதான். பாதுகாப்பான ரத்தமேற்றத்தில் அதற்குரிய பங்கை யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு குழப்பமும் நேர்ந்தது. செக் நாட்டின் யான்ஸ்கியும் அமெரிக்காவின் மாஸும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் நான்கு பிரிவுகளுக்கும் எண்கள் இட்டார்கள். யான்ஸ்கிக்கு ஓ பிரிவு ஒன்று, ஏபி நான்கு. மாஸுக்கு ஏபி ஒன்று, ஓ நான்கு. ஒரு மருத்துவமனையில் ‘பிரிவு நான்கு’ என்று எழுதப்பட்ட ரத்தம் யாருக்கும் கொடுக்கக்கூடியது. இன்னொன்றில் அதே எண், தன் பிரிவினரைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாதது. எழுத்துகள் எண்களை வென்றது நல்லதாயிற்று.

1939: பெயரில்லாத ஓர் எதிர்ப்பொருள்

எனக்கு விடை கிடைத்த இடம் இதுதான். 1930-இல் லாண்ட்ஸ்டைனருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது ரத்தமேற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட சிக்கலாகவே தோன்றியிருக்கும். ஆனாலும் குரூப் சரியாக இருந்தும் சிலருக்கு, குறிப்பாக இரண்டாம் மூன்றாம் முறை ரத்தம் பெறுபவர்களுக்கு, ஒவ்வாமல் போவதை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நியூயார்க்கில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டாவது பேறு. குழந்தை கருப்பையிலேயே இறந்திருந்தது. பேற்றின்போது ரத்தப்போக்கு ஏற்பட்டதால் அவருக்கு ரத்தம் தேவைப்பட்டது. அவர் ஓ பிரிவு. கணவரும் ஓ பிரிவு. அன்றைய அறிவின்படி இதைவிடப் பாதுகாப்பான கொடையாளர் கிடைக்க மாட்டார். கணவரின் ரத்தம் 500 மில்லிலிட்டர் ஏற்றப்பட்டது. சற்று நேரத்தில் அவருக்குக் குளிர் நடுக்கமும், கால்களிலும் தலையிலும் வலியும் கண்டன. பின்னர் சிறுநீரில் ரத்தத்தின் நிறம் இறங்கியது. ஏற்றப்பட்ட சிவப்பணுக்கள் அவர் உடலுக்குள் உடைந்துகொண்டிருந்தன என்பதற்கு அதுவே சான்று. அவர் உயிர் பிழைத்தார்.

இதை ஆராய்ந்தவர்கள் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும். லெவின் பல ஆண்டுகள் லாண்ட்ஸ்டைனரோடு சேர்ந்து வேலை செய்தவர். அவர் அந்தப் பெண்ணின் சீரத்தைக் கணவரின் அணுக்களோடு கலந்தார். ஒட்டியது. ஓ பிரிவுச் சீரம் ஓ பிரிவு அணுக்களை ஒட்டவைக்கக் கூடாது. வியன்னா அட்டவணையின்படி அந்தக் கட்டத்தில் கழித்தல் குறிதான் இருக்க வேண்டும். அவர் அதோடு நிற்கவில்லை. அந்தச் சீரத்தை, குரூப் பொருந்திய 104 பேரின் ரத்தத்தோடு கலந்து பார்த்தார். 80 பேரின் அணுக்கள் ஒட்டின. ஆக, பெரும்பாலோரிடம் உள்ள, ஆனால் இந்தப் பெண்ணிடம் இல்லாத ஏதோ ஓர் அடையாளம் இருக்கிறது. அதற்கு எதிரான பொருள் இவர் சீரத்தில் வந்துசேர்ந்திருக்கிறது. எப்படி வந்தது? ஏ, பி-க்கு எதிரானவை போல இது குழந்தைப் பருவத்திலிருந்தே காத்திருப்பதன்று. அந்தப் பெண்ணுக்கு இதற்கு முன் யாருடைய ரத்தமும் ஏறவில்லை.

இங்கே லெவினும் ஸ்டெட்சனும் எடுத்து வைத்த ஒரு அடியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். வெளியிலிருந்து ரத்தம் வரவில்லை என்றால், உள்ளிருந்து வந்திருக்க வேண்டும். குழந்தை தன் தந்தையிடமிருந்து அந்த அடையாளத்தைப் பெற்றிருந்தது. குழந்தையிடமிருந்து அது தாயின் உடலுக்குள் சென்று அவரைத் தூண்டியிருக்கிறது. தாயின் உடல் அதை அயலென்று கண்டு எதிர்ப்பொருள் செய்தது. பின்னர் அதே அடையாளத்தைச் சுமந்த கணவரின் ரத்தம் உள்ளே வந்தபோது, எதிர்ப்பொருள் ஆயத்தமாக நின்றது. இறந்த குழந்தை, ஒவ்வாத ரத்தம் ஆகிய இரண்டு துயரங்களும் ஒரே நூலில் கோத்தவை. 1939-இல் வெளியான அந்தக் கட்டுரை சில பத்திகளே நீண்டது. அந்த அடையாளத்துக்கு அவர்கள் பெயரும் வைக்கவில்லை.

பெயர் மறு ஆண்டு வந்தது. லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் சீரத்தை எடுத்து மனித ரத்தத்தோடு கலந்தார்கள். நியூயார்க்கில் சோதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினரின் அணுக்கள் ஒட்டின. குரங்கின் பெயரால் அந்த அடையாளம் ஆர்எச் என்றானது. முயலின் சீரம் கண்டுகொண்டதும் அந்தப் பெண்ணின் சீரம் கண்டுகொண்டதும் நுட்பமாகப் பார்த்தால் வேறு வேறு அடையாளங்கள் என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அதற்குள் குரங்கின் பெயர் நிலைத்துவிட்டது. நம் அட்டைகளில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதுவது அந்தப் பெண்ணுக்கு ஒவ்வாமல் போன அடையாளத்தைத்தான். அதன் இன்றைய பெயர் டி.

ஒட்டாமல் ஒட்டுபவை

இப்போது என்னுடைய கேள்விக்குத் திரும்புகிறேன். அக்காவுக்கும் எனக்கும் ஓ. இருவருக்கும் டி அடையாளம் உண்டு. பிறகும் ஏன் சேரவில்லை? அதோடு, சோதனைக் குழாயில் அது எப்படித் தெரிந்தது?

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன இடம் இதுதான். ஏ, பி-க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரியவை. ஒன்றே பல அணுக்களை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடும். ஆர்எச் போன்ற அடையாளங்களுக்கு எதிராகப் பின்னால் உருவாகும் எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை சிறியவை, இரண்டே கைகள் உடையவை. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். அந்த இடைவெளியை எட்டிப்பிடிக்கும் நீளம் இந்தச் சிறிய எதிர்ப்பொருளுக்கு இல்லை. அது ஓர் அணுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அணுக்களின் மேலெல்லாம் பூசியதுபோல் படிந்திருக்கும். ஆனால் குழாயில் ஒட்டல் தெரியாது. கண்ணுக்குக் கழித்தல் குறி. உடலுக்குள் போனால், மண்ணீரல் அந்தப் பூச்சை அடையாளம் கண்டு ஒவ்வோர் அணுவாகப் பிடித்து அழித்துவிடும். 1939-இன் பெண்ணுடைய சீரம் நேரடியாகவே ஒட்டவைத்தது லெவினின் நற்பேறு. அப்படி ஒட்டவைக்காத சீரங்கள் எத்தனை பேரைத் துன்புறுத்தின என்று சொல்ல வழியில்லை.

இந்த மறைந்த பூச்சைப் பார்க்க வழி கண்டவர் ராபின் கூம்ப்ஸ். கால்நடை மருத்துவம் படித்தவர், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவர், வயது 24. போர்க்காலத்தில் விளக்கு மங்கிய ஒரு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை என்று பின்னர் அவர் நினைவுகூர்ந்தார். யோசனை இதுதான்: அணுவின் மேல் படிந்திருக்கும் எதிர்ப்பொருளும் ஒரு புரதம்தானே? மனிதப் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், முயல் அதற்கு எதிரான எதிர்ப்பொருளைச் செய்யும். அந்த முயலின் சீரத்தை, பூச்சு படிந்த அணுக்களோடு சேர்த்தால், அது ஓர் அணுவின் மேலுள்ள எதிர்ப்பொருளையும் பக்கத்து அணுவின் மேலுள்ள எதிர்ப்பொருளையும் பிடித்துப் பாலம் கட்டிவிடும். எட்டாத கைகளை இன்னொரு கை கோத்துவிடுகிறது. கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் 1945-இல் இதை வெளியிட்டார்கள். இதே கொள்கையை மொரெஸ்கி என்பவர் 1908-லேயே எழுதியிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தபோது கூம்ப்ஸ் அதை ஒளிக்காமல் சொன்னார். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது அதனால்தான்.

அன்று மாலை அந்த ஊழியர் செய்ததும் இந்தச் சோதனையே. அக்காவின் சீரத்தில் என் அணுக்களில் சில சொட்டுகளைச் சேர்த்திருப்பார். முதலில் அறை வெப்பத்தில் சுழற்றிப் பார்த்திருப்பார். ஏபிஓ பொருந்தாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். எங்களுடையதில் ஒன்றும் தெரிந்திராது. பின்னர் உடல் வெப்பமான 37 பாகையில் வைத்திருப்பார். அதன் பிறகு அணுக்களை உப்புநீரில் மூன்று முறையாவது கழுவிவிட்டு, கூம்ப்ஸ் வழிகாட்டிய அந்தச் சீரத்தை, அதாவது கூம்ப்ஸ் சீரத்தை, சேர்த்திருப்பார். இந்தக் கழுவல்தான் சோதனையின் உயிர். ஒட்டாமல் மிதக்கும் மனிதப் புரதம் கொஞ்சம் மிஞ்சினாலும் அது கூம்ப்ஸ் சீரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு இருந்தும் இல்லாததுபோல் தெரியும். அதனால் எதுவும் ஒட்டாத குழாய்களில், ஏற்கெனவே பூச்சிட்டு வைத்த அணுக்களைக் கடைசியில் சேர்ப்பார்கள். அவையும் ஒட்டவில்லை என்றால், கூம்ப்ஸ் சீரம் செயலிழந்திருக்கிறது என்று பொருள். சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு ‘இல்லை’யை நம்புவதற்கு முன் அதையும் சோதிக்கிற இந்த ஏற்பாட்டை அறிந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நான் பொறுமையிழந்து நின்ற ஒன்றரை மணி நேரத்தை நினைத்து வெட்கப்பட்டேன். என் குழாயில் இந்தக் கடைசிப் படிக்குத் தேவையே வரவில்லை. கூம்ப்ஸ் சீரம் விழுந்ததும் ஒட்டிவிட்டது.

சிறிய சி

அக்காவின் சீரத்தை, எந்தெந்த அடையாளம் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்த அணுக்களின் வரிசையோடு கலந்து பார்த்தபோது, ஒட்டியவற்றுக்கெல்லாம் பொதுவாக இருந்தது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. ஆர்எச் குடும்பத்தில் டி மட்டும் இல்லை. பெரிய சி, சிறிய சி, பெரிய இ, சிறிய இ என்று உடன்பிறந்த அடையாளங்களும் உண்டு. இவை தாயிடமிருந்து ஒரு கட்டாகவும் தந்தையிடமிருந்து ஒரு கட்டாகவும் வருகின்றன. அக்காவுக்கு இரு பக்கமிருந்தும் டி-யும் பெரிய சி-யும் கொண்ட கட்டு வந்திருக்கிறது. எனக்கு ஒரு பக்கமிருந்து அதே கட்டு. மறு பக்கமிருந்து சிறிய சி கொண்ட கட்டு. அட்டையில் இருவருக்கும் ஓ பாசிட்டிவ். சிவப்பணுவின் மேல் எனக்கிருக்கும் சிறிய சி அவளுக்கு இல்லை.

சிறிய சி-க்கு எதிரான பொருள் அவளிடம் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டாவது பேற்றின்போது அவளுக்கு ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். அது ஒரு வழி. குழந்தைகளில் ஒருவர் தந்தையிடமிருந்து சிறிய சி-யைப் பெற்றிருந்தால் அது மற்றொரு வழி. 1939-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே. டி நெகட்டிவ் தாய்மார்களுக்கு எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஊசி 1960-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. சிறிய சி-க்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. அன்று என் ரத்தம் அவளுக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவ நண்பரிடம் கேட்டேன். உடனே உயிர்போயிருக்க வாய்ப்பு குறைவு என்றார். ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்திருக்கும், கண் மஞ்சளித்திருக்கும், ஏற்றிய ரத்தமெல்லாம் கரைந்து ஹீமோகுளோபின் பழைய நிலைக்கு இறங்கியிருக்கும், அதை ஏறிய ரத்தத்தோடு யாரும் தொடர்புபடுத்தாமலும் போயிருக்கலாம் என்றார். உடன்பிறந்தவர் ரத்தத்தில் வேறோர் ஆபத்தும் இருப்பதால், கொடுக்க நேர்ந்தால் அதைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே கொடுப்பார்கள் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ரத்த வங்கியில் அக்காவுக்கு ஒரு சிறிய அட்டை கொடுத்தார்கள். சிறிய சி இல்லாத ரத்தம் மட்டுமே தரவேண்டும் என்று அதில் ஒரு வரி. சென்ற மாதம் அவளுக்கு மறுபடியும் ஒரு சிறு அறுவை சிகிச்சை. வேறு மருத்துவமனை. புதிதாக எடுத்த மாதிரியில் எதிர்ப்பொருள் எதுவும் தெரியவில்லை என்று அங்கே சொன்னார்கள். தூண்டுதல் இல்லாமல் காலம் கடக்கும்போது எதிர்ப்பொருளின் அளவு சோதனைக்கு எட்டாத அளவுக்குத் தேய்ந்துவிடும். ஆனால் அதைச் செய்யக் கற்றுக்கொண்ட அணுக்கள் உடலில் இருக்கும். பொருந்தாத ரத்தம் மீண்டும் வந்தால் சில நாள்களிலேயே அவை வேலையைத் தொடங்கிவிடும். என் ரத்தத்தோடு கலந்து பார்த்திருந்தாலும் அன்று கழித்தல் குறிதான் வந்திருக்கும். அக்கா தன் பையைத் திறந்து அந்த அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். அங்கிருந்த ஊழியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எடுத்து வைத்திருந்த பையைக் குளிர்பெட்டியில் திருப்பி வைத்தார். பிறகு வேறு பையைத் தேடத் தொடங்கினார்.